புதன்கிழமைக்குள் ஒரு பழைய தெய்வம்

கல்முனைக் கல்வி வலயத்தின் ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான ஆசிரிய நண்பர்களுக்கு,

கிழமைகளின் பெயர்களையும் மாதங்களின் பெயர்களையும் சின்ன வகுப்பில் நாம் பாட்டாகப் படிப்பிக்கிறோம். பிள்ளைகள் கைதட்டிப் பாடுகிறார்கள், பாடமாகிவிடுகிறது. அந்த வயதுக்கு அது போதும். ஆனால் தரம் ஆறு, ஏழுக்கு வந்த பிறகும் அந்தப் பெயர்கள் அவர்களுக்கு எழுத்துக்கூட்டலாகவே நிற்கின்றன. 'வெனஸ்டே' எழுதும்போது நடுவில் இருக்கும் 'டி' விடுபட்டுப் போகிறது. 'ஃபெப்ருவரி' எழுதும்போது முதல் 'ஆர்' காணாமற் போகிறது. சிவப்பு மையால் வட்டம் போடுகிறோம், ஐந்து தரம் எழுதி வரச் சொல்கிறோம், அடுத்த தவணையில் அதே பிழை திரும்ப வருகிறது.

அந்த 'டி' ஒரு தெய்வத்தின் பெயரிலிருந்து வந்தது என்று பிள்ளைக்குச் சொன்னால் அது விடுபடாது. இந்த மடலை நான் எழுதுவது எழுத்துக்கூட்டலுக்காக மட்டும் இல்லை. பாண்டிருப்பிலும் மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் வளரும் பிள்ளைக்கு ஆங்கிலக் கிழமைப் பெயர்களின் கதை வேறு ஊர்ப் பிள்ளைகளைவிட இலகுவாக விளங்கும். அந்தக் கதையின் பாதி அவர்களுடைய வீட்டுப் பஞ்சாங்கத்திலும் பள்ளிவாசல் கலண்டரிலும் ஏற்கெனவே இருக்கிறது.

புதன்கிழமையையே எடுத்துக்கொள்கிறேன்.

'வெனஸ்டே' என்பது பழைய ஆங்கிலத்தில் வோடனின் நாள். வோடன் என்பவர் கிறிஸ்தவம் வருவதற்கு முன்னர் ஆங்கிலேயரின் மூதாதையர் வணங்கிய பெரிய தெய்வம். வடநாட்டார் அவரை ஓடின் என்றார்கள். அறிவுக்கும் கவிதைக்கும் மந்திரத்துக்கும் உரியவர். நாடோடிபோல வேடம் மாற்றித் திரிபவர், போரில் இறந்தவர்களைச் சேர்த்துக்கொள்பவர். அவர் பெயரின் நடுவில் இருக்கும் 'ட'கரம்தான் வாயிலிருந்து மறைந்த பிறகும் தாளில் நின்றுவிட்டது.

இதே நாளை ரோமர்கள் மெர்க்குரியின் நாள் என்றார்கள். மெர்க்குரி தூதர், வணிகத்தின் தெய்வம், பேச்சு வல்லவர், இறந்தவர்களை மறுஉலகத்துக்கு வழிநடத்திச் செல்பவர். வானத்தில் சூரியனுக்குப் பக்கத்திலேயே விரைந்து ஓடும் சிறிய கோளுக்கும் அவர்கள் அந்தப் பெயரையே வைத்திருந்தார்கள். நாம் அந்தக் கோளைப் புதன் என்கிறோம், அந்த நாளைப் புதன்கிழமை என்கிறோம். நமக்கும் புதன் கல்விக்கும் கணக்குக்கும் சொல்வன்மைக்கும் உரிய கிரகம். சிங்களத்தில் 'பதாதா' என்பதும் புதனின் நாள்தான்.

பிள்ளைகள் இதைக் கேட்டவுடன் ஒருவர் கட்டாயம் எழும்பிக் கேட்பார்: நாலு ஊர்க்காரரும் எப்படி ஒரே கோளை ஒரே நாளில் கொண்டுவந்து வைத்தார்கள்? இது கேட்கப்பட வேண்டிய கேள்வி. செவ்வாயும் அப்படித்தான், வியாழனும் அப்படித்தான், ஏழு நாளும் அப்படித்தான். ஆங்கிலக் கிழமைப் பட்டியலுக்குப் பக்கத்தில் தமிழ்ப் பட்டியலை எழுதினால் கோளுக்குக் கோள் நேராக வந்து நிற்கும். தற்செயலாக ஏழும் பொருந்த வழியில்லை. ஒருவர் கணக்குப் போட்டார், மற்றவர்கள் அந்தக் கணக்கை வாங்கிக்கொண்டார்கள்.

அந்தக் கணக்கு உங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்தில் அச்சாகி இருக்கிறது. ஓரை அட்டவணை என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு எதிரே சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு, செவ்வாய் என்று ஒரு வரிசை இருக்கும். கிழமைகளின் வரிசை வேறு, இந்த வரிசை வேறு. இது கோள்களின் ஓட்ட வேகத்தை வைத்து அமைந்த வரிசை. வானத்தை ஒருமுறை சுற்றிவரச் சனிக்கு ஏறத்தாழ 29½ ஆண்டுகள், வியாழனுக்கு 12 ஆண்டுகள், செவ்வாய்க்கு 2 ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு, சூரியனுக்கு ஓர் ஆண்டு. பூமியை நடுவில் வைத்துப் பார்த்த பழைய வானியலார் சூரியனுக்கு அடுத்ததாகச் சுக்கிரனையும், பிறகு புதனையும், கடைசியில் 27 நாளில் சுற்றிவிடும் சந்திரனையும் வைத்தார்கள். மெதுவானது முதலில், விரைவானது கடைசியில். கடைசிக்குப் பிறகு மறுபடி சனி.

ஒரு நாளின் 24 மணித்தியாலத்தில் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கோள் இந்த வரிசைப்படி ஆள்கிறது என்பது அவர்களுடைய நம்பிக்கை. சூரியன் உதிக்கும் முதல் மணித்தியாலத்தை எந்தக் கோள் ஆள்கிறதோ, அந்த நாள் முழுவதும் அந்தக் கோளின் பெயரால் அழைக்கப்படும். இனிப் பலகையில் எண்ணிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை முதல் மணித்தியாலம் சூரியன். ஏழு கோள்களும் சுற்றி முடிய எட்டாவது மணித்தியாலம் மறுபடி சூரியன். பதினைந்தாவதும் சூரியன், இருபத்திரண்டாவதும் சூரியன். இருபத்துமூன்று சுக்கிரன், இருபத்துநான்கு புதன். நாள் முடிந்தது. அடுத்த நாளின் முதல் மணித்தியாலம் சந்திரனுக்குப் போகிறது. ஆகவே அது திங்கட்கிழமை.

24ஐ ஏழால் வகுத்தால் மீதி மூன்று. அந்த மூன்றுதான் எல்லாவற்றையும் நடத்துகிறது. சந்திரனிலிருந்து மூன்று அடி வைத்தால் சனி, வியாழன், செவ்வாய். செவ்வாய்க்கிழமை. செவ்வாயிலிருந்து மூன்று அடி சூரியன், சுக்கிரன், புதன். புதன்கிழமை. இப்படியே போனால் வியாழன், வெள்ளி, சனி என்று வந்து ஏழாவது முறை மறுபடி சூரியனில் நிற்கும். பிள்ளைகளைக் கொண்டே எண்ணுவியுங்கள். வட்டமாக ஏழு பேரை நிறுத்தி ஒவ்வொருவருக்கும் ஒரு கோளின் பெயரைக் கொடுத்தால், மூன்றாம் ஆளை மூன்றாம் ஆளைத் தொட்டுப் போக, வாரம் தானாக வந்துவிடும். பகலுக்குப் பன்னிரண்டும் இரவுக்குப் பன்னிரண்டுமாக ஓரைகளைப் பிரித்த ஊர்களில்தான் இந்த வரிசை பிறந்திருக்க முடியும் என்பதும் இதிலிருந்து தெரிகிறது. நாளை அறுபது நாழிகையாக மட்டும் பிரித்து, நாழிகைக்கு ஒரு கோள் என்று வைத்திருந்தால் மீதி நாலாகியிருக்கும். ஞாயிற்றுக்கு அடுத்த நாள் சனியாகப் போயிருக்கும்.

இந்தக் கணக்கு நாம் கட்டிய ஊகம் இல்லை. மூன்றாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் ரோம வரலாறு எழுதிய காசியஸ் டியோ கிழமைகளின் வரிசைக்கு இதே விளக்கத்தைச் சொல்லியிருக்கிறார். அதற்கு முன்பே, கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெய் நகரத்துச் சுவரில் ஏழு நாள்களின் தெய்வப் பெயர்களையும் யாரோ கீறி வைத்திருந்தார்கள். சோதிடத்தோடு சேர்ந்து இந்த வாரம் கிழக்கேயும் வந்தது. இந்தியாவில் கிழமை குறித்த மிகப் பழைய கல்வெட்டு மத்தியப் பிரதேசத்து ஏரண் என்ற ஊரின் தூணில் இருக்கிறது. ஆண்டு கி.பி. 484, கிழமை வியாழன். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் கோளறு பதிகம் பாடியபோது ஏழு கோள்களையும் கிழமை வரிசையிலேயே வைத்துப் பாடினார். அப்படியென்றால் அந்த வரிசை அப்போதே கேட்பவர்கள் எல்லோருக்கும் பழகிப்போன ஒன்று. ஓரை என்று நாம் சொல்வதும், ஆங்கிலத்தில் மணித்தியாலத்துக்குச் சொல்லும் 'அவர்' என்பதும் கிரேக்கத்து 'ஹோரா'வின் பிள்ளைகளே.

மேற்கே போன வாரத்துக்கு வேறு ஒன்று நடந்தது. ரோமப் பேரரசின் வடக்கு எல்லையில் ஜெர்மானியக் குடிகள் ரோமரோடு வியாபாரம் செய்தார்கள், அவர்களுடைய படையிலும் சேர்ந்தார்கள். சம்பளமும் சந்தையும் கிழமை பார்த்து நடந்திருக்கும். அந்தக் குடிகள் கிழமையை வாங்கிக்கொண்டார்கள், தெய்வத்தை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். ரோமரின் போர்த்தெய்வம் மார்ஸ் இருந்த இடத்தில் தங்களுடைய டீவைக் கொண்டுவந்து வைத்தார்கள். அது டியூஸ்டே. மெர்க்குரியின் இடத்தில் வோடன். இடியைக் கையில் வைத்திருந்த ஜுப்பிட்டரின் இடத்தில் தங்கள் இடித் தெய்வமான தூனர், வடநாட்டார் சொன்ன தோர். அது தேர்ஸ்டே. காதலின் தெய்வமான வீனஸின் இடத்தில் வோடனின் மனைவி ஃப்ரிக். அது பிரைடே. சனிக்கு இணையாக அவர்களிடம் யாரும் இல்லை. ரோமரின் சாட்டர்ன் அப்படியே சற்றடேயில் இருந்துவிட்டார். சூரியனும் சந்திரனும் எல்லோருக்கும் பொது.

இந்த மாற்றீட்டைக் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய கல் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் வடக்கே ஹேட்ரியன் சுவரோரம் ஹவுஸ்டெட்ஸ் என்ற ரோமக் கோட்டையருகில் 1883இல் ஒரு பலிபீடம் கிடைத்தது. மூன்றாம் நூற்றாண்டில் அங்கே காவலிருந்த ஜெர்மானியப் படைவீரர்கள் நிறுவியது. எழுத்து இலத்தீன், பெயர் 'மார்ஸ் திங்சஸ்'. முதற்பாதி ரோமரின் தெய்வம், பின்பாதி தங்கள் ஊர்ச் சபையைக் காக்கும் தெய்வத்தின் பெயர். அந்தச் சபைப் பெயர்தான் இன்று ஜெர்மன் மொழியில் செவ்வாய்க்கிழமையைக் குறிக்கும் 'டீன்ஸ்டாக்' என்ற சொல்லில் இருக்கிறது என்று மொழியறிஞர்கள் சொல்கிறார்கள். ஊரைவிட்டுத் தூரத்தில் குளிரில் காவலிருந்த வீரர்கள் அந்நியத் தெய்வத்தின் பெயரோடு தங்கள் தெய்வத்தின் பெயரை ஒட்டவைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். இரட்டைப் பெயருள்ள அம்மன்களும் ஐயனார்களும் உள்ள கரையில் வாழும் நமக்கு இது புதிராகப்படாது.

ஒரு வேறுபாட்டையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். ஆங்கிலப் பெயரில் கோள் மறைந்து தெய்வம் மட்டும் நிற்கிறது. வெனஸ்டேயைச் சொல்லும் ஆங்கிலப் பிள்ளைக்கு மெர்க்குரிக் கோள் நினைவுக்கு வராது. தமிழ்ப் பெயரில் கோள் அப்படியே நிற்கிறது. பாண்டிருப்புக் கரையில் வலை இழுக்கிறவர்களுக்கு விடிவெள்ளி எது என்று யாரும் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. நமது கடல் கிழக்கே இருப்பதால் அது நீரிலிருந்து எழும்பி வருவதுபோலவே தெரியும். வெள்ளிக்கிழமையின் வெள்ளி அதுதான், பிரைடேயின் ஃப்ரிக் அம்மையார் உட்கார்ந்திருப்பதும் அதே ஒளியின் இடத்தில்தான். வீனஸும் ஃப்ரிக்கும் பெண் தெய்வங்கள், நம் சுக்கிரனோ அசுரர்களின் ஆசிரியர். இடி முழக்கும் ஜுப்பிட்டரின் நாள் நமக்குத் தேவகுருவின் நாள். கோள் ஒன்று, அதன்மேல் ஒவ்வொரு ஊராரும் ஏற்றிய நம்பிக்கை வேறு.

அந்த நம்பிக்கைகள் நம் ஊரில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. செவ்வாயும் வெள்ளியும் இங்கே பல வீடுகளில் மச்சம் சமைப்பதில்லை. நமது திரௌபதை அம்மன் கோயிலின் பதினெட்டு நாள் திருவிழாவை எடுத்துப் பாருங்கள். செவ்வாயில் கொடியேறினால் பதினெட்டாம் நாள் தீமிதிப்பு வெள்ளியில் வந்து விழும். பதினெட்டு நாள் பாரதப் போரின் கணக்கு, செவ்வாயும் வெள்ளியும் அம்மனின் நாள்கள். இரண்டும் ஒரே திருவிழாவுக்குள் எப்படி இணங்கிப் போகின்றன என்று பிள்ளைகள் தாங்களே விரல்விட்டு எண்ணிக் கண்டுபிடிக்கட்டும்.

புதனுக்குத் திரும்புகிறேன். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். நல்ல காரியம் தொடங்கப் புதன் அவ்வளவு உகந்தது. அதே புதனுக்கு, நாலு தெரு தள்ளி, தமிழ்பேசும் முஸ்லிம்களிடையே இன்னொரு முகமும் இருந்தது. ஸபர் மாதத்தின் கடைசிப் புதனை ஒடுக்கத்துப் புதன் என்பார்கள். அன்று பலாமுஸீபத்துகள் இறங்கும் என்று முன்னோர் அஞ்சினார்கள். மாவிலையில் ஆயத்துகளை எழுதி, நீரில் கரைத்து, குடித்தும் குளித்தும் அந்த நாளைக் கழித்தார்கள். மார்க்கத்தில் இதற்கு ஆதாரம் இல்லை என்று ஆலிம்கள் சொல்லி வந்ததால் வழக்கம் வெகுவாகக் குறைந்துவிட்டது. பெயர் மட்டும் பெரியவர்கள் வாயில் இருக்கிறது. ஓர் ஊரில் ஒரே கிழமைக்கு வோடன், புதன், ஒடுக்கத்துப் புதன் என்று மூன்று நினைவுகள். இதைவிட நல்ல பாடப்பொருள் எந்தப் பாடநூலிலும் கிடைக்காது.

சில முஸ்லிம் பிள்ளைகளுக்கு, சில வேளை பெற்றோருக்கும், ஒரு தயக்கம் வரக்கூடும். தெய்வங்களின் பெயரைத் தினமும் சொல்லலாமா என்பது அது. அந்தத் தயக்கத்தை ஒதுக்கித் தள்ளாதீர்கள், அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அரபு மொழியில் கிழமைகளுக்குக் கோள் பெயரே இல்லை. அஹத், இத்னைன், துலாதா, அர்பிஆ, கமீஸ் என்று ஒன்று முதல் ஐந்து வரை எண்கள், பிறகு மக்கள் ஒன்றுகூடும் ஜும்ஆ, பிறகு ஸப்த். கிறிஸ்தவர்களுக்கும் இதே தயக்கம் இருந்திருக்கிறது. நம் கரைக்கு வந்த போர்த்துக்கேயரின் மொழியில் திங்கள் 'இரண்டாம் நாள்', செவ்வாய் 'மூன்றாம் நாள்'. ஆறாம் நூற்றாண்டில் பிராகா நகரத்து ஆயர் மார்ட்டின் கோள்தெய்வப் பெயர்களைக் கண்டித்துப் பேசினார் என்பது பதிவில் உள்ளது. ஐஸ்லாந்தில் பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயராக இருந்த யோன் ஓக்முன்டர்சன் டீவையும் வோடனையும் தோரையும் கிழமைகளிலிருந்து இறக்கிவிட்டார் என்பார்கள். இன்றும் அங்கே செவ்வாய் 'மூன்றாம் நாள்', புதன் 'வார நடு', வெள்ளி 'நோன்பு நாள்'. ஆங்கிலேயர் கிறிஸ்தவர்களான பின்னும் பெயர்களை மாற்றவில்லை. வழிபாடு போய்விட்டது, பெயர் வெறும் பெயராகிவிட்டது. நம் மருதமுனைப் பிள்ளை வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகிறேன் என்று சொல்வதும் அப்படித்தான்.

இலங்கையில் ஒருமுறை வாரமே தடம் மாறியது, இளம் ஆசிரியர்களில் பலர் அறியமாட்டீர்கள். 1966 முதல் 1971 வரை இந்த நாட்டில் ஞாயிறு விடுமுறை இல்லை. அமாவாசை, பூரணை, இரு அரைப்பிறை நாள்கள் ஆகிய நாலு போயாக்களும் அவற்றுக்கு முந்தின நாளும் விடுமுறை. சந்திரன் ஒரு சுற்றுக்கு 29½ நாள் எடுப்பதால் ஒரு போயாவிலிருந்து அடுத்த போயாவுக்குச் சில வேளை ஏழு நாள், சில வேளை எட்டு நாள் வரும். பாடசாலை வாரம் நீண்டும் குறுகியும் போனது. வெள்ளியும் ஞாயிறும் தங்கள் பாட்டில் ஏழுக்கு ஏழாக ஓடிக்கொண்டிருந்தன. வாரத்துக்கும் நிலவுக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதை அந்த ஐந்து ஆண்டுகள் நாடு முழுவதற்கும் காட்டின. உங்கள் பிள்ளைகளின் அப்பப்பா, உம்மம்மா யாரிடமாவது கேட்டு வரச் சொன்னால் நேரிலேயே கதை கிடைக்கும்.

மாதங்களுக்கு வருகிறேன். இங்கே ஆங்கிலேயர் செய்தது நேர்மாறு. கிழமைகளில் தங்கள் தெய்வங்களை வைத்துக்கொண்டவர்கள், மாதங்களில் தங்கள் பெயர்களையே கைவிட்டுவிட்டார்கள். அவர்களுக்கென்று மாதப் பெயர்கள் இருந்தன. 725ஆம் ஆண்டு பீட் என்ற துறவி காலக்கணிதம் பற்றி எழுதிய நூலில் அவற்றைப் பதிந்து வைத்திருக்கிறார். மே மாதத்துக்கு 'மும்முறைப் பால்' மாதம் என்று பெயர், புல் செழித்துப் பசு நாளுக்கு மூன்று தரம் பால் கறக்கும் காலம். ஓகஸ்ட் 'களை' மாதம். செப்டெம்பர் 'புனித' மாதம். நொவெம்பர் 'பலி' மாதம். பனிக்காலத்துக்குத் தீனி போதாத மாடுகளை அறுக்கும் காலம் அது, அறுப்பதைத் தெய்வத்துக்குப் படைத்து அறுத்தார்கள். ஏப்ரலுக்கு ஈயோஸ்டர் என்ற பெண் தெய்வத்தின் பெயர். இவற்றில் பருவம் இருந்தது, மாட்டுப்பட்டி இருந்தது, தெய்வம் இருந்தது. ஒன்றும் மிஞ்சவில்லை. ஈயோஸ்டர் மட்டும் 'ஈஸ்டர்' என்று உயிர்த்த ஞாயிற்றுக்குப் பெயராகித் தப்பினார்.

ஏன் இப்படி? கிழமைகள் சந்தையிலும் பாசறையிலும் பேச்சுவழியாக வந்தவை. தெய்வம் இன்னும் கும்பிடப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. மாதங்கள் திருச்சபையின் இலத்தீன் ஏடுகளோடு எழுத்துவழியாக வந்தவை. ஏட்டில் இருந்ததை அப்படியே எழுதினார்கள். என் முடிவு இதுதான், இதற்கு மாறாக நினைப்பவர்கள் வாதிடலாம்.

ரோமப் பெயர்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஜனவரி வாசலுக்கும் தொடக்கத்துக்கும் உரிய இருமுகத் தெய்வம் யானஸின் பெயர். ஃபெப்ருவரி 'ஃபெப்ருவா' என்ற தூய்மைச் சடங்கின் பெயர். அந்த முதல் 'ஆர்' எங்கிருந்து வந்தது என்பதற்கு அதுவே விடை. மார்ச் போர்த்தெய்வம் மார்ஸ். அந்த மாதத்தில்தான் ரோமருக்குப் பழைய ஆண்டு பிறந்தது. அதனால்தான் செப்டெம்பர் முதல் டிசெம்பர் வரை ஏழு, எட்டு, ஒன்பது, பத்து என்று எண்ணிக்கைப் பெயர். கி.மு. 153 முதல் ரோமத் தலைமை அதிகாரிகள் ஜனவரி முதல் நாளில் பதவியேற்கத் தொடங்கினார்கள், எண்கள் இரண்டிரண்டாகத் தள்ளிப்போயின. ஐந்தாம் ஆறாம் மாதங்கள் பிறகு ஜூலியஸ் சீசருக்கும் ஓகஸ்டஸுக்கும் போய்ச் சேர்ந்தன.

நம் மாதங்களில் தெய்வம் இல்லை, விண்மீன் இருக்கிறது. பூரணை நிலவு எந்த நட்சத்திரத்துக்கு அருகில் நிற்கிறதோ அதன் பெயர் மாதத்துக்கு. சித்திரையும் வைகாசியும் அப்படி. தமிழ்நாட்டார் புரட்டாசி என்பார்கள், நாம் புரட்டாதி என்கிறோம். பூரட்டாதி நட்சத்திரம் நம் உச்சரிப்பில் கூடுதலாகத் தெரிகிறது. கார்த்திகை விளக்கீட்டன்று இரவு பிள்ளைகளை முற்றத்துக்கு வரச் சொல்லுங்கள். முகில் விலகினால் பூரணை நிலவுக்கு அண்டையில் கொத்தாக நிற்கும் ஆறுமீன்களைத் தேடலாம். நிலவொளியில் மங்கலாகத்தான் தெரியும், அடுத்தடுத்த நாள்களில் நிலவு விலக விலகத் துலங்கும்.

ஆனால் நாமும் ஒரு காரியம் செய்திருக்கிறோம். தமிழ்நாட்டில் தை என்றால் பொங்கலன்று பிறக்கும் தை. இலங்கையில் நாம் ஜனவரியைத் தை என்றும் ஃபெப்ருவரியை மாசி என்றும் டிசெம்பரை மார்கழி என்றும் சொல்லிப் பழகிவிட்டோம். ஆழிப்பேரலை வந்த நாளை நம் கரையில் மார்கழி 26 என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பஞ்சாங்கப்படி 2004இல் அன்று மார்கழி பிறந்து பத்துப் பதினொரு நாள்தான். ஆங்கிலேயர் ரோமப் பெயரை எடுத்துத் தங்கள் பெயரை விட்டார்கள். நாம் ரோம மாதத்தை எடுத்து அதன்மேல் நம் பெயரை வைத்தோம். பிள்ளைகள் வீட்டில் ஒரு தையும் பாடசாலையில் இன்னொரு தையும் கேட்டுக் குழம்புகிறார்கள். இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

இஸ்லாமிய மாதங்களில் கதை இன்னும் வேறு. ரபீஉ என்றால் வசந்தம், ரமழான் சுட்டெரிக்கும் வெப்பத்தோடு தொடர்புள்ள பெயர். பெயர் வைத்த காலத்தில் அரேபியாவில் அந்த மாதங்கள் அந்தப் பருவங்களில் நின்றிருக்க வேண்டும். பன்னிரண்டு பிறை மாதங்களுக்கு 354 நாள். சூரிய ஆண்டோடு ஒட்டவைக்க இடையில் மாதம் நுழைப்பதைக் குர்ஆன் தடுத்த பிறகு, மாதங்கள் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே வருகின்றன. 2004இல் நம் ஊரில் நோன்பு மாரி தொடங்கும் ஒக்டோபர் நடுவில் பிறந்தது. 2016இல் கச்சான் காற்று அனல் வீசும் ஜூனில் வந்தது. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றமும் ஜமாதுல் ஆகிர் மாதத்தோடு சேர்ந்து எல்லாப் பருவத்தையும் சுற்றி வருகிறது. பருவத்தின் பெயர் நிலைத்து, பருவம் கழன்று போனதற்கு இதைவிடத் தெளிவான சான்று ஆங்கிலத்தில் இல்லை.

வகுப்பில் சொல்லும்போது சில இடங்களில் கவனம் வேண்டும். ஓகஸ்டஸ் தன் மாதம் பெரிதாக இருக்க வேண்டும் என்று ஃபெப்ருவரியிலிருந்து ஒரு நாளைப் பறித்தார் என்ற கதையைப் பல ஆசிரியர்கள் சொல்கிறார்கள். அது பதின்மூன்றாம் நூற்றாண்டில் சாக்ரோபோஸ்கோ என்பவர் எழுதியது. சீசரின் சீர்திருத்தத்திலேயே அந்த மாதத்துக்கு 31 நாள் கொடுக்கப்பட்டிருந்தது, ஓகஸ்டஸ் பெயரை மட்டும்தான் பெற்றார். ஏப்ரல் 'திறத்தல்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பதும் ரோமரே சொன்ன ஊகம், உறுதி இல்லை. ஈயோஸ்டர் தெய்வத்தைப் பற்றிச் சொன்னவர் பீட் ஒருவர்தான். அதனால் முட்டையும் முயலும் அவளுடையவை என்று யாராவது கதைத்தால் ஆதாரம் கேளுங்கள். பிரைடேயை ஃப்ரேயா என்ற இன்னொரு தெய்வத்தோடு சேர்த்துக் குழப்புவதும் வழக்கம். பழைய ஆங்கில வடிவம் ஃப்ரிக்குக்கே உரியது. சொல்லின் மிகப் பழைய எழுத்து வடிவம் என்ன, அது எந்த நூற்றாண்டில் எழுதப்பட்டது என்ற இரண்டையும் கேட்டாலே பாதிக் கட்டுக்கதை உதிர்ந்துவிடும்.

அடுத்த தவணையில் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கிப் பாருங்கள். ஒரு பஞ்சாங்கம், பள்ளிவாசல் கலண்டர் ஒன்று, அரசாங்கக் கலண்டர் ஒன்று மேசையில் இருந்தால் போதும். பஞ்சாங்கம் இல்லாத வகுப்புக்கு என்னுடைய பழைய பிரதிகளைத் தருகிறேன். ஓரை அட்டவணையில் கறுப்பு மையால் அடையாளமிட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர்
பாண்டிருப்பு